20 செகண்ட் ரேடியோ விளம்பரம் மெஷின் மாதிரி கேக்குதா? அறிகுறியை வச்சு கோளாறைக் கண்டுபிடிச்சு சரிபண்றது எப்படி

கவனம், ஆர்வம், ஆசை, செயல். விளம்பரம் எழுத ஆரம்பிக்கிற எல்லாருக்கும் முதல்ல சொல்லிக் கொடுக்கிற ஏஐடிஏ ஃபார்முலா இதுதான், இந்த நாலுக்கும் இங்கிலீஷ் வார்த்தையோட முதல் எழுத்தைச் சேர்த்து வச்ச பேரு. 1898 வாக்குல அமெரிக்காவுல எல்மோ லூயிஸ்ங்கறவர் சொன்னதா 1925ல ஸ்ட்ராங்ங்கறவர் எழுதி வச்சாரு, அதுக்கப்புறம் உலகம் பூரா பரவிடுச்சு. ஆனா லூயிஸ் சொன்ன காலத்துல ரேடியோ விளம்பரம்னு ஒண்ணே கிடையாது, பேப்பர்ல வர்ற விளம்பரமும் நேர்ல போய் விக்கறதும்தான். பேப்பர்ல புரியலைன்னா ஆளு திரும்ப மேல போய் படிச்சுக்குவாரு, ரேடியோவுல ஒரு தடவை காதைத் தாண்டிப் போச்சுன்னா போனதுதான். அதனால நாலு எழுத்துக்கும் நாலு பத்தி எழுதற பழக்கத்தை அப்படியே 20 செகண்டுக்குள்ள கொண்டு வந்து திணிக்கும்போது ஸ்பாட்னு சொல்ற அந்தக் குட்டி விளம்பரம் மெஷின் பேசற மாதிரி ஆயிடுது.

ஃபார்முலா மேல தப்பு இல்லைங்க. அது கேக்கறவங்க மனசுக்குள்ள நடக்க வேண்டிய நாலு விஷயத்தைச் சொல்லுது, நாம அதை ஸ்கிரிப்டுல இருக்க வேண்டிய நாலு பாகம்னு எடுத்துக்கறோம், பாதி கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது. ஒரே வாக்கியம் ரெண்டு வேலை செய்யலாம், சில சமயம் ஒரு சத்தமே ஒரு வேலையை முடிச்சிரும்.

வெறுமனே சொன்னா புரியாது, ஒரு உதாரணத்தை எடுத்துக்கிட்டு அதையே கடைசி வரைக்கும் ரிப்பேர் பண்ணிப் பாப்போம். கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ல ஒரு கிரைண்டர் சர்வீஸ் கடைன்னு வச்சுக்குங்க. கல்லு கொத்தித் தர்றது அவங்க முக்கியமான வேலை. லோக்கல் எஃப்எம்ல 20 செகண்ட் ஸ்பாட் போடணும். ரேடியோவுல பெரும்பாலும் 10 செகண்டுக்கு இவ்வளவுன்னுதான் ரேட் போடுவாங்க, 20ன்னா ரெண்டு பங்கு காசு, அதனால கடைக்காரர் ஒவ்வொரு செகண்டுலயும் எதையாவது சொல்லிடணும்னு நினைப்பாரு. ஃபார்முலாவை மனப்பாடமா வச்சிருக்கிற ஒருத்தர் எழுதினா இப்படித்தான் வரும்:

"அன்பான இல்லத்தரசிகளே! உங்கள் கிரைண்டரில் மாவு சரியாக அரையவில்லையா? இனி கவலை வேண்டாம்! இதோ உங்களுக்காக (கடை பேர்)! அனுபவம் வாய்ந்த மெக்கானிக்குகள், ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ், நியாயமான கட்டணம், அனைத்து கம்பெனி கிரைண்டர்களும் சர்வீஸ் செய்து தரப்படும்! பஞ்சு போன்ற மிருதுவான இட்லி சாப்பிட ஆசையா? உடனே அழையுங்கள்..." அப்புறம் போன் நம்பர், ரெண்டு தடவை.

நாலு எழுத்தும் இருக்கு, வரிசையும் சரியா இருக்கு. ஆனா கேட்டா யாரும் அசைய மாட்டாங்க. முதல்ல இதை போன்ல சாதாரணமா பேசி ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறம் மிக்ஸி ஓடுற நேரமோ பைக் சத்தம் கேக்கற இடமோ பார்த்து போட்டுக் கேளுங்க, ஏன்னா ரேடியோ கேக்கறவங்க அப்படித்தான் கேக்கறாங்க. இனி என்ன அறிகுறி தெரியுதோ அதுக்குத் தகுந்த மாதிரி போவோம்.

அறிகுறி: சொல்லி முடிக்கறதுக்குள்ள நேரம் தாண்டிடுது, இல்ல மூச்சு வாங்குது

இதை முதல்ல பாக்கணும், மத்த எல்லாக் கோளாறும் இதுல இருந்து கிளம்பும். நேரம் தாண்டினா ஸ்டுடியோவுல குரல் கொடுக்கற ஆர்ட்டிஸ்டை வேகமா படிக்கச் சொல்வாங்க, அதுக்கும் அடங்கலைன்னா சாஃப்ட்வேர்ல இழுத்துச் சுருக்குவாங்க, வார்த்தைக்கு நடுவுல இருக்கிற மூச்சையெல்லாம் வெட்டுவாங்க. மூச்சு இல்லாத பேச்சைத்தான் நம்ம காது மெஷின்னு சொல்லுது. அப்புறம் எவ்வளவு நல்ல ஐடியாவா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

நிறைய பேர் வார்த்தையை எண்ணுவாங்க, தமிழுக்கு அது சரிப்படாது. "வா"ன்னாலும் ஒரு வார்த்தை, "இல்லத்தரசிகளே"ன்னாலும் ஒரு வார்த்தை, ரெண்டுக்கும் நேரம் ஒண்ணா? புள்ளி வச்ச எழுத்தை விட்டுட்டு மத்த எழுத்தை எண்ணுங்க. "உளுந்து"ன்னா உ, ளு, து, மூணு. இப்படி எண்ணினா அவசரம் இல்லாத பேச்சுல செகண்டுக்கு ஆறுல இருந்து ஏழு எழுத்து போகும். உங்க ஆர்ட்டிஸ்ட் எவ்வளவு போவாருன்னு தெரிஞ்சுக்க ஏதாவது ஒரு பத்தியைக் கொடுத்து 10 செகண்ட் படிக்கச் சொல்லி எண்ணிக்குங்க, ஆளுக்கு ஆள் மாறும். 20 செகண்டுல ஆரம்பச் சத்தத்துக்கும் நடுவுல வர்ற இடைவெளிக்கும் ரெண்டரை செகண்ட் ஒதுக்கிட்டா மிச்சம் பதினேழரை. அப்போ 110, 115 எழுத்துதான் உங்களுக்கு இருக்கிற இடம்.

மேல இருக்கிற ஸ்கிரிப்டை எண்ணிப் பாருங்க, கடை பேருக்கு அஞ்சு எழுத்துன்னு வச்சாலும் "அழையுங்கள்" வரைக்குமே 115 வந்துடுது. அதுக்கப்புறம் 10 இலக்க நம்பர், ஒரு தடவை நிதானமா சொல்ல 4 செகண்ட், ரெண்டு தடவைன்னா 8. மொத்தம் 26 செகண்ட் கிட்ட வரும். ஸ்டுடியோவுல போய் வெட்டிக்கலாம்னு விட்டுடாதீங்க, அங்க வெட்டும்போது கைக்கு வந்தது போகும், போகக்கூடாததுதான் முதல்ல போகும். பேப்பர்லயே அடக்கிட்டுப் போங்க.

அறிகுறி: ஸ்பாட் நாலு துண்டா கேக்குது, எங்க ஒட்டுப் போட்டிருக்குன்னு காதுக்கே தெரியுது

சோதனை சுலபம். கவனம் முடியற இடம், ஆர்வம் முடியற இடம், ஆசை முடியற இடம், மூணு இடத்துலயும் பென்சில்ல ஒரு கோடு போடுங்க. ஒவ்வொரு கோட்டுக்கு அப்புறமும் பேசற விஷயம் மாறுதான்னு பாருங்க. நம்ம உதாரணத்துல முதல் துண்டு இல்லத்தரசியைப் பத்தி, ரெண்டாவது துண்டு கடையைப் பத்தி, மூணாவது இட்லியைப் பத்தி, நாலாவது நம்பரைப் பத்தி. கேக்கறவங்க ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்க வேண்டியிருக்கு. "இனி கவலை வேண்டாம்", "இதோ உங்களுக்காக" இந்த மாதிரி வரியெல்லாம் ஏன் வருதுன்னு நினைக்கிறீங்க? ஒட்டாத ரெண்டு துண்டை ஒட்ட வைக்கத்தான். அப்படி ஒரு பாலம் தேவைப்பட்டாலே எல்லாத்தையும் கோக்கற நூல் இல்லைன்னு அர்த்தம்.

சரி பண்றதுக்கு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு அதை நாலு இடத்துலயும் நடக்க விடணும். இட்லி, மெக்கானிக், கட்டணம், ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு, உளுந்தை மட்டும் பிடிச்சுப் பாருங்க. உளுந்து அரைய மாட்டேங்குது, அந்த உளுந்து மேல தப்பு இல்லை, கல்லைக் கொத்தினா அதே உளுந்து பொங்குது, அதுக்காக கல்லைக் கழட்டிட்டு வா. கவனிச்சீங்கன்னா நாலு எழுத்தும் இதுல தானா உக்காந்துடுச்சு, நடுவுல பாலமே வேண்டாம். எந்தப் பொருளை நூலா எடுக்கறதுன்னு குழப்பமா இருந்தா கடைக்கு வர்ற கஸ்டமர் வாசல்ல நின்னு சொல்ற முதல் வாக்கியத்தைக் கடைக்காரர்கிட்ட கேளுங்க. "சர்வீஸ் பண்ணணும்"னு யாரும் சொல்ல மாட்டாங்க, "எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மாவு நைஸா வரமாட்டேங்குதுங்க"ன்னுதான் சொல்லுவாங்க.

மியூசிக்லயும் இதே கோளாறு வரும். சோகத்துக்கு ஒரு பிட்டு, கடை பேருக்கு ஒரு பிட்டு, கடைசிக்கு ஒரு பிட்டுன்னு மாத்தினா ஸ்கிரிப்ட் ஒழுங்கா இருந்தாலும் காது ஒட்டைக் கண்டுபிடிச்சிரும். ஒண்ணே ஒண்ணு போடுங்க, இல்ல போடவே வேண்டாம்.

அறிகுறி: ஆரம்பம் அதிருது, ஆனா எதைப் பத்தின விளம்பரம்னு யாருக்கும் ஞாபகம் இல்லை

ஆம்புலன்ஸ் சைரன், கண்ணாடி உடையற சத்தம், "நிறுத்துங்க!"ன்னு ஒரு கத்தல். கவனம்ங்கறதை சத்தம்னு புரிஞ்சுக்கிட்டா இது வரும். ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டிருக்கிறவங்களுக்கு சைரன் சத்தத்தைப் போட்டுக் காட்டறது ஆபத்தும் கூட, அதைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. இன்னொரு விஷயம், ஸ்டேஷன்ல ஒலிபரப்புக்குப் போற சத்தத்தை எல்லாம் ஒரே மட்டத்துக்கு அமுக்கித்தான் விடுவாங்க. உங்களுக்கு முன்னாடி வந்த நகைக்கடை விளம்பரமும் அதே சத்தத்துல கத்திட்டுத்தான் போயிருக்கும். அதனால கத்தி ஜெயிக்க முடியாது.

எது காதைத் திருப்பும்னா, தன்னோட வீட்டுல நடக்கற விஷயம் திருப்பும். பொருளுக்குள்ள இருந்தே ஒரு சத்தம் எடுங்க. நமக்கு கிரைண்டர் ஓடற சத்தம் இருக்கு, கல்லு உருள்ற அந்த கடகடப்பு. ஆனா அதை வெறும் சத்தமா போட்டா மோட்டார் சத்தமா மழைச் சத்தமான்னு தெரியாது, விஷயம் தெரியாத ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டி என்ன சத்தம்னு கேட்டுப் பாருங்க, சரியா சொல்லலைன்னா முதல் வரியிலேயே அது என்னன்னு தெரியற மாதிரி எழுதணும். சத்தம் தனியா ஒன்றரை செகண்டுக்கு மேல போகக் கூடாது. "ஏங் கண்ணு, உளுந்து இன்னும் அரையலையா?" இந்த ஒரு வரி வந்ததும் அது கிரைண்டர்னு தெரிஞ்சிடுது, வீட்டுல மாவு அரைக்கறவங்க அத்தனை பேரும் தலையைத் திருப்புவாங்க.

இன்னொரு வழியும் இருக்கு. பேச்சு நடக்கற வரைக்கும் கிரைண்டர் சத்தத்தைப் பின்னாடி ஓட விட்டு, முக்கியமான வரிக்கு முன்னாடி சட்டுனு நிறுத்துங்க. ஓடிக்கிட்டிருந்த சத்தம் நின்னா காது தானா நிமிரும். கவனத்தை 20 செகண்டோட முதல் வரியிலதான் செலவழிக்கணும்னு சட்டம் இல்லை, விஷயம் திரும்பற இடத்துல இன்னொரு தடவை தேவைப்படுது, அதை இந்த நிசப்தம் கொடுத்துடும்.

அறிகுறி: ரெண்டு பேர் பேசிக்கறாங்க, ஆனா மனுஷங்க மாதிரி இல்லை

"என்ன அத்தை, ஏன் சோகமா இருக்கீங்க?" "ஒண்ணுமில்லம்மா, நம்ம கிரைண்டர் சரியா அரைக்கல." "அட, உங்களுக்குத் தெரியாதா அத்தை? சிங்காநல்லூர்ல அனுபவம் வாய்ந்த மெக்கானிக்குகள்..." இந்த மூணாவது வரியிலதான் ஆளு மெஷின் ஆயிடறாங்க. ஒரு மருமக மாமியார்கிட்ட "அனுபவம் வாய்ந்த"ன்னு பேசவே மாட்டா. கடைக்காரர் பேச வேண்டியதை பாத்திரத்தோட வாயில வைக்கறதுதான் காரணம்.

பாத்திரங்களுக்கு கஷ்டத்தை மட்டும் கொடுங்க, தீர்வைக் கொடுக்காதீங்க. அவங்களுக்கு விடை தெரியக் கூடாது, முடிஞ்சா தப்பான விடையைச் சொல்லட்டும். விஷயத்தை தனிக் குரல் வந்து சொல்லட்டும், அது விளம்பரக் குரல்னு எல்லாருக்கும் தெரியும், அதுல ஒண்ணும் தப்பில்லை. யார் யாரை எப்படிக் கூப்பிடுவாங்கங்கறதையும் பாருங்க. கோயம்புத்தூர்ப் பக்கம் மாமியார் "கண்ணு"ன்னுவாங்க, மருமக "ஓடுதுங்க அத்தை"ன்னு மரியாதையா இழுப்பா, இந்த "ங்க" ஒண்ணே ஊரையும் உறவையும் சொல்லிடுது, அதுக்குத் தனியா வரி எழுத வேண்டியதில்லை. இதே ஸ்பாட்டை மதுரைக்குப் போடறதா இருந்தா இந்தப் பேச்சை அப்படியே அனுப்பாதீங்க, அந்த ஊர் ஆளை விட்டு பேச்சை மாத்துங்க.

அறிகுறி: நடுவுல கவனம் சிதறுது, ஆறாவது செகண்டுல இருந்து என்ன சொன்னாங்கன்னே தெரியலை

இது ஆர்வத்தோட இடம், இங்கதான் ரொம்பப் பேர் விடறாங்க, அதனால கொஞ்சம் நின்னு பேசறேன். ஆர்வம்னா கடையைப் பத்தின தகவல்னு நினைச்சு பட்டியல் போடுவாங்க. அனுபவம், ஒரிஜினல், நியாயம், அனைத்து கம்பெனி. இதுல ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து பக்கத்துக் கடை விளம்பரத்துல வச்சுப் பாருங்க, அங்கயும் கச்சிதமா உக்காரும். எந்தக் கடைக்கும் பொருந்தற வார்த்தை எந்தக் கடையையும் விக்காது. பட்டியலா வரும்போது குரலும் ஒரே ராகத்துல ஏறி இறங்கும், ஆர்ட்டிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

ஆர்வம் எப்ப வரும்னா, தனக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்த விஷயம் வேற மாதிரின்னு தெரியும்போது வரும். அந்த ஒரு விஷயம் பெரும்பாலும் கடையில வேலை செய்யற ஆள்கிட்டதான் இருக்கும், முதலாளிகிட்ட கூட இருக்காது. மெக்கானிக்கோட பக்கத்துல உக்காந்து "ஜனங்க எதைத் தப்பா நினைச்சுக்கிட்டு வர்றாங்க?"ன்னு கேளுங்க. கிரைண்டர் விஷயத்துல அது என்னன்னா, மாவு வரலைன்னா முதல்ல உளுந்து மேலதான் சந்தேகம் வரும். பழைய உளுந்து, கடைக்காரன் ஏமாத்திட்டான், தண்ணி சரியில்லை. நிஜத்துல பல வீட்டுல ஓடி ஓடி கல்லோட சொரசொரப்பு போய் வழவழன்னு ஆயிருக்கும், அடியில இருக்கிற கல்லும் தேஞ்சிருக்கும் மேல உருள்ற குழவியும் தேஞ்சிருக்கும், பிடிமானம் இல்லாததால உளுந்து அரைபடாம வழுக்கிக்கிட்டே சுத்தும். ரொம்ப நேரம் ஓடறதால மாவு சூடாகும், சூடான மாவுல உபரி குறையும், அதாவது மாவு பொங்கற அளவு கம்மியாகும். உளியை வச்சு கல்லைக் கொத்தி சொரசொரப்பைத் திரும்பக் கொண்டு வந்தா சரியாயிடும்.

இவ்வளவையும் 20 செகண்டுல சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். இதுல இருந்து திருப்பத்தை மட்டும் எடுங்க: "உளுந்து நல்ல உளுந்துதாங்க. கல்லுதான் வழவழன்னு தேஞ்சு போச்சு." ரெண்டு சின்ன வாக்கியம், 22 எழுத்து. கேக்கறவங்க உடனே தன் கிரைண்டர்ல கை வச்சுத் தடவிப் பாத்த மாதிரி நினைப்பாங்க. மூணரை செகண்டுல ஆர்வம் முடிஞ்சிடுது, அனுபவம் வாய்ந்த மெக்கானிக்னு நாம சொல்லவே இல்லை, ஆனா விஷயம் தெரிஞ்ச ஆளுங்கன்னு அவங்களுக்கே புரிஞ்சிடும்.

அறிகுறி: "ஆசையா?"ன்னு கேட்டும் ஆசை வரலை

பஞ்சு போன்ற, மிருதுவான, சுவையான. கோடி தடவை கேட்டுத் தேய்ஞ்ச வார்த்தைங்க. ஆசையை வர்ணிச்சா வராது, நடக்கறதைக் காட்டணும். அதுவும் மாவு அரைக்கறவங்க கண்ணால பாக்கற விஷயமா இருக்கணும். இட்லி மெத்துன்னு வர்றதுக்கு அரைக்கறது மட்டும் காரணம் இல்லை, அரிசி, புளிப்பு, பதம்னு எத்தனையோ இருக்கு, அதை ஒரு சர்வீஸ் கடை வாக்குக் கொடுக்கறது நியாயமும் இல்லை. கடை பொறுப்பேத்துக்க முடிஞ்சது மாவு அரைபட்டுப் பொங்கறது வரைக்கும்தான். அதனால: "கொத்திட்டா அதே உளுந்து, அரை மணி நேரத்துல டிரம் நிறைய பொங்கி வரும்."

இந்த வரியில "அதே" ரொம்ப முக்கியம், செலவு இல்லாம கிடைக்குதுங்கற ஆசையை அந்த ரெண்டு எழுத்துதான் தூண்டுது. "அரை மணி நேரத்துல"ங்கறதை மட்டும் சும்மா எழுதிடாதீங்க. கடையில ஒரு தேஞ்ச கல்லுல ஒரு அளவு உளுந்தை அரைச்சு நேரம் குறிச்சு, கொத்தினதுக்கப்புறம் அதே அளவு உளுந்தை அரைச்சு மறுபடி குறிச்சுக்கச் சொல்லுங்க. நாப்பது நிமிஷம் ஆச்சுன்னா நாப்பதுன்னே சொல்லுங்க. நிரூபிக்க முடியாததை விளம்பரத்துல சொல்லக் கூடாதுன்னு விளம்பரத் தரக் கவுன்சிலோட விதிமுறையும் இருக்கு, அதை விட முக்கியம், சொன்ன நேரத்துல அரையலைன்னா அந்தம்மா கல்லைத் தூக்கிக்கிட்டு கடைக்கே வந்துடுவாங்க. பெல்ட் தளர்ந்திருந்தாலும் அரைக்க நேரம் ஆகும்ங்கறதால, கல்லு கொண்டு வர்றவங்ககிட்ட பெல்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டு அனுப்பச் சொல்லிடுங்க.

அறிகுறி: கடைசி அஞ்சு செகண்ட் ரயில் அறிவிப்பு மாதிரி ஓடுது

போன் நம்பர். வண்டி ஓட்டறவங்க, கையில மாவு ஒட்டியிருக்கிறவங்க யாரும் 10 இலக்கத்தை எழுதிக்க மாட்டாங்க. ரெண்டு தடவை சொன்னா ஸ்பாட்டுல அஞ்சுல ரெண்டு பங்கு நேரம் அதுக்கே போயிடுது. லோக்கல் கடைக்கு நம்பரை விட அடையாளம் நல்லா நிக்கும், "சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதுக்கால"ன்னா ஊர்க்காரங்களுக்கு உடனே கண்ணுல தெரியும். கடைக்கு நல்ல அடையாளமே இல்லை, வீட்டுக்கே வந்துதான் சர்வீஸ்னா நம்பர் போட்டுத்தான் ஆகணும், அப்ப வேற எதையாவது முழுசா எடுத்துடுங்க, சுருக்கிப் பிரயோஜனமில்லை.

செயல்னா "உடனே"ன்னு விரட்டறதுன்னு ஒரு நினைப்பு இருக்கு. ஆளு ஏன் வரலைன்னு யோசிங்க. கிரைண்டர் கனம், அதை யாரு தூக்கிக்கிட்டுப் போறது? இதுதான் தடை. டேபிள் டாப் கிரைண்டர்ல டிரம்மும் கல்லும் தனியா கழண்டு வந்துடும், அதை ஸ்கூட்டர்ல வச்சுக் கொண்டு வந்துடலாம். "டிரம்மையும் கல்லையும் மட்டும் கழட்டிட்டு வாங்க." அவ்வளவுதான். என்ன செய்யணும்னு கை தெரிஞ்சுக்குது, "மட்டும்"ங்கற வார்த்தை பாரத்தைக் குறைச்சிடுது. ஒரே ஒரு செயல்தான் கேக்கணும், வாங்க, கூப்பிடுங்க, வாட்ஸப் பண்ணுங்க, இன்ஸ்டால பாருங்கன்னு நாலு சொன்னா ஒண்ணும் நடக்காது.

ரிப்பேர் முடிஞ்ச ஸ்கிரிப்ட்

(கிரைண்டர் ஓடற சத்தம், ஒன்றரை செகண்ட், அப்புறம் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கு)

மாமியார்: ஏங் கண்ணு, உளுந்து இன்னும் அரையலையா?

மருமக: ஒரு மணி நேரமா ஓடுதுங்க அத்தை. இந்த உளுந்தே சரியில்ல.

(கிரைண்டர் நிக்குது. ஒரு நொடி ஒண்ணுமில்லை.)

குரல்: உளுந்து நல்ல உளுந்துதாங்க. கல்லுதான் வழவழன்னு தேஞ்சு போச்சு. கொத்திட்டா அதே உளுந்து, அரை மணி நேரத்துல டிரம் நிறைய பொங்கி வரும். டிரம்மையும் கல்லையும் மட்டும் கழட்டிட்டு வாங்க. (கடை பேர்), சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதுக்கால.

மொத்தம் 113 எழுத்து. பழைய ஸ்கிரிப்டுல நம்பருக்கு முன்னாடியே 115 இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? மறுபடி பென்சிலை எடுத்துக் கோடு போடப் பாருங்க. "கொத்திட்டா அதே உளுந்து"ங்கறது ஆர்வமா ஆசையா? எங்க கோடு போடறதுன்னு கை தயங்கணும், தயங்கினா ஸ்கிரிப்ட் சரியா வந்திருக்குன்னு எடுத்துக்கலாம்.

அறிகுறி: பேப்பர்ல நல்லா இருக்கு, ரெக்கார்டிங்ல மறுபடி மெஷின் ஆயிடுச்சு

பெரும்பாலும் பேப்பர்தான் காரணம். ஆச்சரியக்குறி இருந்தா ஆர்ட்டிஸ்ட் குரலைத் தூக்குவாரு, எல்லாத்தையும் எடுத்துடுங்க. "அரையவில்லையா"ன்னு எழுத்துத் தமிழ்ல அடிச்சுக் கொடுத்துட்டு பேசற மாதிரி படிங்கன்னு சொன்னா வராது, எப்படிப் பேசணுமோ அப்படியே அடிச்சுக் கொடுங்க. கடை பேரை மட்டும் தனியா ஓங்கி அடிக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, அதை முந்தின வாக்கியத்தோட அதே குரல்ல சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க. மருமக வரியில சலிப்பு இருக்கணும், அழுகை வேண்டாம், ஒரு மணி நேரமா கிரைண்டர் பக்கத்துல நிக்கிற ஆளு அழமாட்டாங்க. ரெண்டு பெண் குரலையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி ஒட்டாம ஒரே மைக்ல ஒண்ணா பேச விட்டா ஒருத்தர் பேச்சு முடியறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிக்கிற அந்த இயல்பு தானா வரும், அரை செகண்டும் மிச்சமாகும்.

அறிகுறி: ரெண்டு வாரம் நல்லா போச்சு, அப்புறம் எரிச்சலா இருக்குன்னு சொல்றாங்க

ரேடியோ ஸ்பாட்டை ஒரே ஆளு ஒரு நாள்ல பல தடவை கேப்பாரு. அவருக்கு கவனமும் ஆர்வமும் முதல் சில தடவையிலேயே முடிஞ்சு போச்சு, உளுந்து மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிடுச்சு, இனி அவருக்குத் தேவை ஞாபகப்படுத்தல் மட்டும்தான். அவருக்கு மறுபடி மறுபடி நாலு எழுத்தையும் ஓட்டினா மெஷின் மாதிரிதான் இருக்கும். இந்தக் கட்டத்துல 10 செகண்டுக்கு வெட்டிச் சுருக்கின ஸ்பாட் ஒண்ணு போடுங்க, காசும் பாதி:

"உளுந்து நல்ல உளுந்துதாங்க. கல்லுதான் தேஞ்சு போச்சு. கொத்திட்டா அரை மணி நேரத்துல பொங்கும். டிரம்மையும் கல்லையும் கழட்டிட்டு வாங்க. (கடை பேர்), சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு எதுக்கால."

59 எழுத்து, ஒன்பது செகண்ட். அதே குரல், முன்னாடி அரை செகண்ட் கிரைண்டர் சத்தம் ஓடி நின்னா போதும். இதை மட்டும் முதல்லயே போட்டு காசு மிச்சம் பண்ணலாமான்னு கடைக்காரர் கேப்பாரு. வேண்டாம்னு சொல்லுங்க. "உளுந்து நல்ல உளுந்துதாங்க"ங்கறது ஒரு பதில், மாமியாரும் மருமகளும் பேசினதைக் கேட்டிருந்தாத்தான் அது யாருக்கு என்ன பதில்னு புரியும். 20 செகண்ட் ஓடி ஊருக்குப் பழகினதுக்கப்புறம் 10க்கு மாறுங்க, பண்டிகைக்கு முன்னாடி மாவு நிறைய அரைக்கிற சமயத்துல மட்டும் பழைய 20ஐ ஒரு வாரம் திரும்பக் கொண்டு வாங்க.